பதினொரு புள்ளி, இரண்டு அணி: படத்தில் ஒளிந்திருக்கும் நிகர ரன் ரேட்

2019 உலகக் கோப்பையின் லீக் சுற்று முடிந்தபோது, பட்டியலில் நான்காம் இடத்திலும் ஐந்தாம் இடத்திலும் இருந்த இரண்டு அணிகளைப் பிரித்துப் பார்ப்பதே கடினமாக இருந்தது. நியூசிலாந்து ஒன்பது ஆட்டங்களில் ஐந்தில் வென்று, மூன்றில் தோற்று, மழையில் போன ஓர் ஆட்டத்துக்கு ஒரு புள்ளி வாங்கி, மொத்தம் 11 புள்ளிகளோடு இருந்தது. பாகிஸ்தானும் அச்சு அசலாக அதே கணக்கு: ஐந்து வெற்றி, மூன்று தோல்வி, ஒரு மழை, 11 புள்ளி. போதாததற்கு இரண்டும் பர்மிங்காமில் நேருக்கு நேர் மோதியபோது ஜெயித்தது பாகிஸ்தான். பாபர் ஆஸம் ஆட்டமிழக்காமல் 101 ரன் எடுத்தார். ஆனாலும் அரையிறுதிக்குப் போனது நியூசிலாந்து.

வெற்றிகளின் எண்ணிக்கையும் சமமாகிவிட்டால் நிகர ரன் ரேட்டைப் பார்க்க வேண்டும் என்பது அந்தத் தொடரின் விதி. நேருக்கு நேர் மோதிய முடிவுக்கு அதற்கு அடுத்த இடம்தான். நியூசிலாந்தின் நிகர ரன் ரேட் +0.175. பாகிஸ்தானுக்கு -0.430.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்பதைப் பட்டியலைப் பார்த்தே யாரும் கண்டுபிடித்துவிடலாம். அதற்குத் தேவையானது எல்லாம் பட்டியலின் வலது ஓரத்திலேயே இருக்கிறது. ஆனால் இப்போதெல்லாம் புள்ளிப் பட்டியல் நம் கைக்கு வருவது பெரும்பாலும் படமாகத்தான். டிவி திரையைப் போனில் பிடித்த படம், செய்தித்தாளின் மூலையைப் பிடித்த படம், யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதை இன்னொருவர் வெட்டி அனுப்பிய படம். படத்தில் இருக்கும் எண்ணைத் தொட்டால் விளக்கம் விரியாது. கண்ணால் படித்து, கையால் கணக்குப் போட வேண்டும். அந்த இரண்டு அணிகளின் வரிகள் இப்படி இருக்கும்:

```
அணி             For          Against       NRR
நியூசிலாந்து     1674/344     1868/398.1    +0.175
பாகிஸ்தான்      2025/388.5   1994/353.4    -0.430
```

ஸ்கோர்கார்டு பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதல் குழப்பம் இங்கேயே வந்துவிடும். 241/4 என்றால் நான்கு விக்கெட்டுக்கு 241 என்று படித்துப் பழகியவர்கள் நாம். இங்கே சாய்கோட்டுக்குப் பின்னால் இருப்பது விக்கெட் அல்ல, ஓவர். `For` பத்தி அந்த அணி தொடர் முழுக்க எடுத்த ரன்களையும் அதற்கு ஆடிய ஓவர்களையும் சொல்கிறது. `Against` பத்தி அந்த அணி விட்டுக்கொடுத்த ரன்களையும் அதற்கு வீசிய ஓவர்களையும் சொல்கிறது. சில பட்டியல்கள் இவற்றையே நான்கு தனிப் பத்திகளாகப் பிரித்துப் போடும். விஷயம் ஒன்றுதான்.

எடுத்த ரன்னை ஆடிய ஓவரால் வகுக்க வேண்டும். கொடுத்த ரன்னை வீசிய ஓவரால் வகுக்க வேண்டும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் மிஞ்சுவதே நிகர ரன் ரேட். நியூசிலாந்து 344 ஓவரில் 1674 ரன் எடுத்தது. வகுத்தால் ஓவருக்கு 4.866. எதிரணிகளுக்குக் கொடுத்தது 1868 ரன். அதை வகுக்க வேண்டிய எண்தான் 398.1. கால்குலேட்டரில் அப்படியே 398.1 என்று தட்டினால் விடை 4.692 என்று வரும். கழித்தால் 0.174. பட்டியலில் இருப்பதோ 0.175. மூன்றாம் இலக்கத்தில் ஒன்று குறைகிறது.

குறைவதற்குக் காரணம் அந்த 398.1 தசம எண்ணே இல்லை என்பதுதான். 398 ஓவர் முடிந்து, அதற்கு மேல் ஒரு பந்து என்று அதற்குப் பொருள். ஓவருக்கு ஆறு பந்து. ஆகவே ஒரு பந்து என்பது ஓவரில் ஆறில் ஒரு பங்கு, அதாவது 0.1667. சரியான வகுஎண் 398.1667. 1868ஐ அதனால் வகுத்தால் 4.6915, 4.8663இலிருந்து கழித்தால் 0.1748. மூன்று இலக்கத்துக்குச் சுருக்கினால் 0.175.

பாகிஸ்தான் வரியில் இதே தவறு இன்னும் பெரியது. 388.5 என்பது 388 ஓவர் 5 பந்து, அதாவது 388.8333. 353.4 என்பது 353.6667. ஆனால் வேடிக்கை பாருங்கள்: 388.5, 353.4 என்று அப்படியே தட்டினாலும் விடை -0.430 என்றே வருகிறது. இரண்டு வகுஎண்ணும் ஏறக்குறைய ஒரே அளவு குறைந்துவிடுவதால் இரண்டு ரன் ரேட்டும் 0.004 அளவு ஏறி, கழிக்கும்போது தவறும் தவறும் அடிபட்டுப் போகின்றன. ஓர் அணிக்கு விடை ஒத்துவந்துவிட்டது என்பதாலேயே போட்ட முறை சரி என்று நம்பிவிட முடியாது. இரண்டு மூன்று அணிகளுக்குப் போட்டுப் பார்ப்பதே நல்லது.

தொடர் நீளமாக இருந்தால் இந்தத் தவறு கடைசி இலக்கத்தோடு நின்றுவிடும். தொடக்கத்தில் அப்படி இல்லை. இருபது ஓவர் போட்டியில் ஓர் அணி 19.5 ஓவரில் 160 எடுத்து ஜெயிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 19.5ஆல் வகுத்தால் 8.205. சரியாக 19.8333ஆல் வகுத்தால் 8.067. முதல் ஆட்டம் முடிந்த பட்டியலில் இந்த 0.138 ஓர் அணியை ஓரிடம் மேலே ஏற்றவும் இறக்கவும் போதும்.

கணினி அட்டவணையில் போடுகிறவர்களுக்கு ஒரே ஒரு வரி போதும். `A2`இல் எடுத்த ரன், `B2`இல் ஆடிய ஓவர், `C2`இல் கொடுத்த ரன், `D2`இல் வீசிய ஓவர் என்று பட்டியலில் உள்ளபடியே நிரப்பிவிட்டால், பந்துகளை ஓவராக மாற்றும் வேலையை இது பார்த்துக்கொள்ளும்:

```
=A2/(INT(B2)+MOD(B2,1)*10/6)-C2/(INT(D2)+MOD(D2,1)*10/6)
```

இதுவரை சொன்னது பட்டியலில் இருப்பதைப் படிக்கும் வேலை. அந்த ஓவர் எண் எப்படி அங்கே வந்தது என்பதில்தான் நிகர ரன் ரேட்டின் உயிரே இருக்கிறது. படத்தில் வலது ஓரம் வெட்டுப்பட்டுப் போய், ஸ்கோர்கார்டுகளிலிருந்து தாங்களே கூட்டிப் பார்க்கிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவதும் இங்கேதான்.

மே 31, நாட்டிங்காம். பாகிஸ்தானின் முதல் ஆட்டம். மேற்கிந்தியத் தீவுகளின் வேகப்பந்து வீச்சாளர்கள் பந்தை நெஞ்சுக்கு ஏற்றி ஏற்றிப் போட, பாகிஸ்தான் 21.4 ஓவரில் 105 ரன்னுக்குச் சுருண்டது. மேற்கிந்தியத் தீவுகள் 13.4 ஓவரில் மூன்று விக்கெட் இழப்புக்கு 108 எடுத்து ஆட்டத்தை முடித்தன. பாகிஸ்தானின் `For` பத்தியில் இந்த ஆட்டத்துக்கு எத்தனை ஓவர் சேரும்? 21.4 என்று சொல்லத் தோன்றும். சேர்ந்ததோ 50.

ஓர் அணி ஆல் அவுட் ஆகிவிட்டால், எத்தனை ஓவரில் ஆனது என்பது கணக்கில் வராது. அதற்கு ஒதுக்கப்பட்ட முழு ஓவரையும் ஆடியதாகவே எழுதப்படும். ஐம்பது ஓவர் போட்டியில் 50, ஐபிஎல் போன்ற இருபது ஓவர் போட்டியில் 20. எதிரணியின் `Against` பத்தியிலும் அதே முழு ஓவர்தான் ஏறும். ஆனால் துரத்தி ஜெயித்த அணிக்கு, அது உண்மையில் ஆடிய ஓவர் மட்டுமே. ஆக அந்த ஒரே ஆட்டத்தில் பாகிஸ்தானின் ரன் ரேட் 105ஐ 50ஆல் வகுத்து 2.10 ஆனது, கொடுத்த ரேட் 108ஐ 13.6667ஆல் வகுத்து 7.902 ஆனது. முதல் ஆட்டம் முடிந்தபோதே பாகிஸ்தானின் நிகர ரன் ரேட் -5.802.

இந்த விதியை மறந்துவிட்டுக் கூட்டினால் என்ன ஆகும்? பாகிஸ்தான் அந்தத் தொடரில் இன்னொரு முறையும் ஆல் அவுட் ஆனது: ஆஸ்திரேலியாவிடம் 45.4 ஓவரில் 266. அது ஆல் அவுட் ஆக்கிய அணிகள் இரண்டு: 49 ஓவரில் 307 எடுத்த ஆஸ்திரேலியா, 44.1 ஓவரில் 221 எடுத்த வங்கதேசம். இந்த நான்கு இன்னிங்ஸுக்கும் உண்மையில் ஆடிய ஓவரையே போட்டால் பாகிஸ்தானின் நிகர ரன் ரேட் -0.430 ஆக இருக்காது, -0.064 ஆகிவிடும்.

நியூசிலாந்துக்கும் இதையே செய்து பார்க்க வேண்டும். அவர்கள் நான்கு அணிகளை ஆல் அவுட் ஆக்கினார்கள்: இலங்கையை 29.2 ஓவரில் 136க்கு, ஆப்கானிஸ்தானை 41.1 ஓவரில் 172க்கு, வங்கதேசத்தை 49.2 ஓவரில் 244க்கு, மேற்கிந்தியத் தீவுகளை 49 ஓவரில் 286க்கு. தாங்கள் இரண்டு முறை ஆல் அவுட் ஆனார்கள்: ஆஸ்திரேலியாவிடம் 43.4 ஓவரில் 157, இங்கிலாந்திடம் 45 ஓவரில் 186. இவற்றுக்கு உண்மையான ஓவர்களைப் போட்டால் நியூசிலாந்தின் நிகர ரன் ரேட் +0.175 என்பது -0.058 ஆக இறங்குகிறது.

-0.058க்கும் -0.064க்கும் உள்ள வித்தியாசம் என்ன? 0.006. ஏறத்தாழ ஒன்றுமே இல்லை. பட்டியலில் இந்த இரண்டு அணிகளுக்கும் நடுவே தெரியும் 0.605 என்ற பள்ளத்தை முழுக்க முழுக்கத் தோண்டியது ஆல் அவுட் விதிதான். பந்துக்குப் பந்து ரன் சேர்ப்பதிலும் ரன் தடுப்பதிலும் இரண்டு அணிகளும் கிட்டத்தட்ட சமமாகவே ஆடியிருக்கின்றன. நியூசிலாந்து எதிரணியின் பத்து விக்கெட்டையும் வீழ்த்திய ஆட்டங்கள் அதிகம். அதிலும் இலங்கையின் 20.4 ஓவர், ஆப்கானிஸ்தானின் 8.5 ஓவர் என்று ஆடாமல் போன ஓவர்கள் ஏராளம். பாகிஸ்தானோ தானே 28.2 ஓவரை நாட்டிங்காமில் விட்டுவிட்டு வந்தது.

விதி நியாயமானதுதான். ஐம்பது ஓவரும் பத்து விக்கெட்டும் கொடுத்து ஆடு என்று ஓர் அணியை இறக்கும்போது, பத்து விக்கெட்டையும் பறிகொடுத்தவன் தன்னிடம் இருந்தது அத்தனையையும் செலவழித்துவிட்டான். 21.4 ஓவரில் 105 எடுத்ததை ஓவருக்கு 4.85 என்று எழுதினால், ஐம்பது ஓவரும் நின்று 240 எடுத்தவனோடு அவனைச் சமமாக வைப்பதாகிவிடும். விக்கெட் என்பது நிகர ரன் ரேட்டுக்குள் நுழைகிற ஒரே வாசல் இந்த விதிதான். மற்றபடி நான்கு விக்கெட் இழந்து ஜெயித்தாலும் ஒன்பது விக்கெட் இழந்து ஜெயித்தாலும் இந்தக் கணக்குக்கு ஒன்றுதான். அது உண்மையான குறை.

இன்னொரு பழக்கமும் உண்டு. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனித்தனியாக நிகர ரன் ரேட் போட்டு, எல்லாவற்றையும் கூட்டி, ஆட்டங்களின் எண்ணிக்கையால் வகுப்பது. பார்த்தால் சரி போலவே இருக்கும். பாகிஸ்தானுக்கு அப்படிப் போட்டால் -0.682 வருகிறது. நாட்டிங்காமின் -5.802 எட்டில் ஒரு பங்கு எடையோடு உள்ளே வருவதால் இந்த வீழ்ச்சி. உண்மையான கணக்கில் மேற்கிந்தியத் தீவுகள் ஆடிய 13.4 ஓவர், பாகிஸ்தான் வீசிய 353.4 ஓவரில் ஒரு சிறு துண்டுதான். ரன்களை எல்லாம் ஒரு பக்கம், ஓவர்களை எல்லாம் ஒரு பக்கம் கூட்டி முடித்த பிறகே வகுக்க வேண்டும். படத்தில் உள்ள பத்திகள் அப்படிக் கூட்டி வைத்த தொகைகள்தான்.

மழை தனிக் கதை. நாட்டிங்காமில் இந்தியாவோடு நியூசிலாந்து ஆட வேண்டிய ஆட்டமும், பிரிஸ்டலில் இலங்கையோடு பாகிஸ்தான் ஆட வேண்டிய ஆட்டமும் ஒரு பந்துகூட வீசாமல் கைவிடப்பட்டன. ஒரு புள்ளி கிடைத்தது, ரன்னும் ஓவரும் சேரவில்லை. ஆகவே பட்டியலில் ஆட்டம் 9 என்று இருந்தாலும் ஓவர் பத்தியில் இருப்பது எட்டு ஆட்டத்தின் கணக்குதான். நியூசிலாந்து தென்னாப்பிரிக்காவை எதிர்கொண்ட ஆட்டம் 49 ஓவராகக் குறைக்கப்பட்டது. அதனால் அந்த ஆட்டத்துக்கு உச்ச அளவு 49 மட்டுமே.

மான்செஸ்டரில் நடந்த இந்தியா-பாகிஸ்தான் ஆட்டம்தான் இதில் சிக்கலானது. இந்தியா 50 ஓவரில் 336 எடுத்தது. மழைக்குப் பிறகு டக்வொர்த் லூயிஸ் ஸ்டெர்ன் முறைப்படி பாகிஸ்தானுக்கு 40 ஓவரில் 302 இலக்கு வைக்கப்பட்டது. அவர்கள் 212 எடுத்தார்கள். ஸ்கோர்கார்டைப் பார்த்துப் பாகிஸ்தானின் `Against` பத்தியில் 336ஐயும் 50 ஓவரையும் சேர்த்தால் பட்டியலோடு ஒத்துவராது. இப்படி இலக்கு மாற்றப்பட்ட ஆட்டத்தில் முதலில் ஆடிய அணிக்கு இலக்கைவிட ஒன்று குறைவான ரன்னும், இரண்டாவது அணிக்குக் கிடைத்த ஓவரும்தான் எழுதப்படும். அதாவது 40 ஓவரில் 301. அதைப் போட்டால்தான் கொடுத்த ரன்களின் தொகை 1994 என்று வரும்.

இனி படத்தின் கோளாறுகள். டிவி திரையைப் போனில் பிடித்தால் விளக்கின் ஒளி எங்காவது ஒரு எண்ணின் மேல் விழுந்திருக்கும். 3, 8, 6 மூன்றும் ஒன்றுக்கொன்று மாறித் தெரியும். தசமப் புள்ளி அடிக்கடி மறைந்துபோகும், 398.1 என்பது 3981 என்று தெரியும். கேமரா சாய்ந்திருந்தால் கண் ஒரு வரியின் பாதியிலிருந்து அடுத்த அணியின் வரிக்கு நழுவிவிடும்.

இவற்றைக் கண்டுபிடிக்கப் பட்டியலே வழி வைத்திருக்கிறது. எட்டு ஆட்டம் நடந்திருந்தால் ஓவர் 400ஐத் தாண்டவே முடியாது. ஆகவே 3981 என்பதில் தசமப் புள்ளி தொலைந்திருக்கிறது. ஓவர் எண்ணில் தசமப் புள்ளிக்குப் பின்னால் 0 முதல் 5 வரைதான் வரும். அங்கே 6, 8, 9 தெரிந்தால் ஒன்று தவறாகப் படித்திருக்கிறோம், அல்லது பட்டியல் போட்டவர் ஏற்கெனவே பந்துகளைத் தசமமாக மாற்றி எழுதியிருக்கிறார். 388.83 என்று இரண்டு இலக்கம் இருந்தால் இரண்டாவதுதான் நடந்திருக்கிறது. அதை மறுபடி மாற்றக் கூடாது.

பட்டியல் முழுதும் படத்தில் இருந்தால் இதைவிட உறுதியான சோதனை ஒன்று உண்டு. ஓர் அணி எடுத்த ஒவ்வொரு ரன்னும் அதே பட்டியலில் உள்ள இன்னோர் அணி கொடுத்த ரன். ஆகவே எல்லா அணிகளின் `For` ரன்களையும் கூட்டினால், எல்லா அணிகளின் `Against` ரன்களின் கூட்டுத்தொகை வந்தாக வேண்டும். ஓவருக்கும் அப்படியே, ஆனால் கூட்டும் முன் பந்துகளாக மாற்றிக்கொள்ள வேண்டும். தொகை ஒத்துவராவிட்டால் எங்கோ ஓர் எண் தவறு. வித்தியாசம் சரியாக 50 என்றால் பத்தின் இடத்தில் 3ஐ 8 என்றோ 8ஐ 3 என்றோ படித்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஒரே ஒரு வரி மட்டும் கிடைத்து, அதிலும் ஓர் இலக்கம் அழிந்திருந்தால்கூட மீட்டுவிடலாம். நியூசிலாந்தின் 1868இல் மூன்றாவது இலக்கம் ஒளியில் மறைந்துவிட்டது, 18, அப்புறம் ஏதோ ஒன்று, பிறகு 8 என்று மட்டும் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். நிகர ரன் ரேட் 0.175 தெரிகிறது. எடுத்த ரேட் 4.8663. கொடுத்த ரேட் இவற்றின் வித்தியாசமான 4.6913 ஆக இருக்க வேண்டும். அதை 398.1667ஆல் பெருக்கினால் 1867.9. ஆக அந்த இலக்கம் 6. பட்டியலில் நிகர ரன் ரேட் மூன்று இலக்கத்துக்குச் சுருக்கப்பட்டிருப்பதால் வரக்கூடிய பிழை இங்கே ரன்னில் 0.2தான்; ஒரு ரன்கூட மாறிப்போக இடமில்லை. பத்தின் இலக்கம் மட்டுமல்ல, கடைசி இலக்கம் மறைந்திருந்தாலும் பிடித்துவிடலாம்.

இந்தக் கணக்கு உண்மையில் பயன்படுவது லீக் சுற்று முடியும் முன்புதான். ஜூலை 3ஆம் தேதி நியூசிலாந்து தன் கடைசி ஆட்டத்தில் இங்கிலாந்திடம் தோற்று, 11 புள்ளியோடும் +0.175 ரேட்டோடும் வேலையை முடித்துவிட்டது. பாகிஸ்தானுக்கு 9 புள்ளி, மிச்சம் இருந்தது லார்ட்ஸில் வங்கதேசத்தோடு ஓர் ஆட்டம். ஜூலை 4ஆம் தேதிப் பட்டியலைப் படமாகப் பிடித்து வைத்திருந்தவர்கள் பாகிஸ்தானின் வரியில் பார்த்திருக்கக்கூடியது 1710/338.5, 1773/303.4, ரேட் -0.792. இதை ஒரே ஆட்டத்தில் +0.175க்கு மேலே தூக்க வேண்டும். எவ்வளவு பெரிய வெற்றி வேண்டும்?

முதலில் பாகிஸ்தான் இரண்டாவதாக ஆடினால் என்ன ஆகும் என்று பார்க்கலாம். கிரிக்கெட்டில் நடக்கவே நடக்காத உச்சத்தை எடுத்துக்கொள்வோம்: வங்கதேசம் ஒரு ரன்கூட எடுக்காமல் ஆல் அவுட், பாகிஸ்தான் முதல் பந்திலேயே சிக்ஸர் அடித்து வெற்றி. எடுத்த ரன் 1716, ஓவர் 339, ரேட் 5.062. கொடுத்த ரன் அதே 1773, ஆனால் ஓவர் ஐம்பது கூடி 353.6667, ரேட் 5.013. கழித்தால் +0.049. போதவில்லை. டாஸில் வங்கதேசம் ஜெயித்து முதலில் ஆடுவதாகச் சொல்லியிருந்தால், ஒரு பந்து வீசுவதற்கு முன்பே பாகிஸ்தான் வெளியே. துரத்துகிற அணியால் இலக்கைத் தாண்டி ரன் சேர்க்க முடியாது என்பதுதான் இதற்குக் காரணம். ஏற்கெனவே 338 ஓவர் ஆடி முடித்த கணக்கில், மிச்சப்படுத்துகிற ஓவர்களால் பெரிதாக எதுவும் மாறாது.

டாஸில் ஜெயித்தது பாகிஸ்தான். முதலில் ஆடவும் செய்தது. அப்போது தேவை எப்படி இருந்தது? பாகிஸ்தான் 350 எடுத்தால் எடுத்த ரன் 2060 ஆகும், 388.8333 ஓவரால் வகுத்தால் 5.298. நியூசிலாந்தைத் தாண்ட, கொடுத்த ரேட் 5.123க்குள் இருக்க வேண்டும். அதை 353.6667ஆல் பெருக்கினால் 1811.9. ஏற்கெனவே கொடுத்தது 1773 என்பதால் வங்கதேசத்துக்கு விடக்கூடியது 38 ரன் மட்டுமே. அதாவது 312 ரன் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். 400 எடுத்திருந்தால் வங்கதேசத்துக்கு 84 வரை விடலாம், வித்தியாசம் 316. எவ்வளவு எடுத்தாலும் முந்நூறு ரன்னுக்குக் குறைந்த வெற்றிக்கு இடமில்லை. நாட்டிங்காமில் பட்ட அடியின் ஆழம் இந்த எண்களில்தான் முழுதாகத் தெரிகிறது. அந்த ஓர் ஆட்டத்தை மட்டும் எடுத்துவிட்டால், மற்ற ஏழு ஆட்டங்களில் பாகிஸ்தானின் நிகர ரன் ரேட் +0.119.

இமாம் உல் ஹக் 100, பாபர் ஆஸம் 96 என்று அடித்து, பாகிஸ்தான் 50 ஓவரில் 9 விக்கெட் இழப்புக்கு 315 எடுத்தது. அதே கணக்கை மறுபடி போட்டால்: 2025ஐ 388.8333ஆல் வகுத்தால் 5.2079, நியூசிலாந்தின் 0.1748ஐக் கழித்தால் 5.0331, 353.6667ஆல் பெருக்கினால் 1780.0. அதாவது வங்கதேசத்தை 7 ரன்னுக்குள் சுருட்ட வேண்டும். 7 ரன்னில் சுருட்டியிருந்தால் பாகிஸ்தானின் ரேட் 0.1749, நியூசிலாந்தின் 0.1748ஐ நான்காம் இலக்கத்தில் முந்தியிருக்கும். மூன்று இலக்கம் மட்டும் காட்டும் பட்டியலில் இரண்டு அணிக்கும் 0.175 என்றே அச்சாகியிருக்கும். யார் மேலே என்பதைப் படத்தில் உள்ள ரன்னையும் ஓவரையும் வைத்துத்தான் சொல்லியிருக்க முடியும்.

வங்கதேசம் எட்டாவது ரன்னை எடுத்ததும் நியூசிலாந்தின் அரையிறுதி இடம் உறுதியானது. ஆட்டம் அதற்குப் பிறகும் வெகுநேரம் நடந்தது. ஷாஹீன் ஷா அஃப்ரிடி 35 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார். வங்கதேசம் 44.1 ஓவரில் 221க்கு ஆல் அவுட். ஆல் அவுட் என்பதால் பட்டியலில் ஏறியது 50 ஓவர். 94 ரன் வெற்றி பாகிஸ்தானின் நிகர ரன் ரேட்டை -0.792இலிருந்து -0.430க்குக் கொண்டுவந்தது.